போப்பைப் பதவியிலிருந்து இறக்க யாரால் முடியும்?

1378 ஏப்ரல் 8ஆம் தேதி ரோம் நகரில் பதினாறு கர்தினால்கள் கூடி ஒரு போப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தரை மாதம் கழித்து, செப்டம்பர் 20ஆம் தேதி, ஏறக்குறைய அதே கர்தினால்கள் ஃபோந்தி என்ற ஊரில் கூடி இன்னொருவரைப் போப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாமவரும் விலகவில்லை, இரண்டாமவரும் விலகவில்லை. மேற்கு ஐரோப்பாவின் கத்தோலிக்கத் திருச்சபை அன்று இரண்டாகப் பிளந்தது. அது மறுபடி ஒன்றாக 39 ஆண்டுகள் ஆயின.

போட்டிப் போப்புகள் அதற்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஏதாவதொரு பேரரசர் தனக்குப் பிடிக்காத போப்புக்கு எதிராகத் தன் ஆளை நிறுத்துவார். பேரரசரின் பலம் குறைந்ததும் அந்த ஆளும் காணாமல் போவார். 1378இல் நடந்தது அப்படியல்ல. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவர்களே இரண்டு முறை தேர்ந்தெடுத்தார்கள். முதல் தேர்தல் செல்லாது என்று சாட்சி சொன்னவர்களும் அந்தத் தேர்தலை நடத்தியவர்களே. நேர்மையான ஒரு மனிதர்கூட இரண்டு பக்கத்தில் எதை வேண்டுமானாலும் நம்ப இடமிருந்தது.

பின்னணி இதுதான். 1309இலிருந்து போப்புகள் ரோமை விட்டு ரோன் நதிக்கரையில் உள்ள அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்தார்கள். தொடர்ந்து ஏழு போப்புகளும் பிரெஞ்சுக்காரர்கள். கர்தினால்களிலும் பிரெஞ்சுக்காரர்களே மிகுதி. பதினோராம் கிரகோரி 1377 ஜனவரியில் ரோமுக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்துபோனார். புதிய போப்பும் பிரெஞ்சுக்காரராக வந்தால் மறுபடி அவிஞ்ஞோனுக்குப் போய்விடுவார் என்று ரோம் மக்கள் அஞ்சினார்கள். போப் ஊரில் இருந்தால்தான் யாத்திரிகர்கள் வருவார்கள், வழக்குகள் வரும், வாணிபம் நடக்கும். தேர்தல் நடந்த அரண்மனையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ரோமானியர் வேண்டும், இல்லையென்றால் இத்தாலியராவது வேண்டும் என்று இரவெல்லாம் கூச்சலிட்டது.

உள்ளே இருந்த பதினாறு பேரில் பதினொருவர் பிரெஞ்சுக்காரர்கள், நால்வர் இத்தாலியர்கள், ஒருவர் ஸ்பெயினின் அரகோன் நாட்டவர். பிரெஞ்சுக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கடைசியில் கர்தினாலே அல்லாத ஒருவரிடம் போய் நின்றார்கள். அவர் பாரி நகரின் பேராயர் பர்த்தொலொமேயோ பிரிஞ்ஞானோ. இத்தாலியர், அவிஞ்ஞோனில் போப்பின் ஆவணச் செயலகத்தில் பல காலம் வேலை பார்த்தவர், தங்கள் பேச்சைக் கேட்பார் என்று கர்தினால்கள் நம்பியவர். தேர்வை அறிவிப்பதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. தேர்ந்தெடுத்தவர் ரோமானியர் இல்லை என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்று பயந்த கர்தினால்கள், தங்களில் வயது முதிர்ந்த ரோமானியரான தெபல்தெஸ்கிக்குப் போப்பின் உடையை மாட்டிக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். நான் போப் இல்லை என்று அந்தக் கிழவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குழப்பத்தில் மற்றவர்கள் தப்பி ஓடினார்கள்.

மறுநாள் ஊர் அடங்கியது. கர்தினால்கள் திரும்பி வந்து பிரிஞ்ஞானோவை அரியணையில் அமர்த்தினார்கள். அவர் ஆறாம் உர்பான் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 18, உயிர்ப்புப் பெருவிழா அன்று முடிசூட்டு நடந்தது. அதன் பிறகு பல வாரங்கள் கர்தினால்கள் அவரைப் போப்பாகவே நடத்தினார்கள், அவரிடம் சலுகைகளும் கேட்டுப் பெற்றார்கள். பின்னால் உர்பானின் ஆதரவாளர்கள் பிடித்துக்கொண்ட வலுவான வாதம் இது: பயத்தில் தேர்ந்தெடுத்தது உண்மையானால், பயம் போன பிறகு ஏன் முடி சூட்டினீர்கள்?

உர்பான் பதவி ஏறியதும் ஆளே மாறிப்போனார். கர்தினால்களின் ஆடம்பரத்தையும் அவர்கள் அரசர்களிடம் பணம் வாங்குவதையும் கண்டித்தார். கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் அதைச் சபையில் எல்லோர் முன்னாலும் வசைமொழிகளாகக் கொட்டினார். அவருடைய மனநிலையைப் பற்றியே சந்தேகம் எழும் அளவுக்கு அந்தக் கோபம் போனது. பல ஆண்டுகள் கழித்து, தனக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று தான் நியமித்த கர்தினால்களில் ஆறு பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார். அவர்களில் ஐந்து பேர் உயிரோடு திரும்பவில்லை. எனவே 1378 கோடையில் கர்தினால்கள் ஒவ்வொருவராக ரோமை விட்டு நழுவி அனாஞ்ஞியில் கூடியது முழுக்க முழுக்கச் சூழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்டில் அவர்கள் ஏப்ரல் தேர்தல் அச்சுறுத்தலின் கீழ் நடந்ததால் செல்லாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் ஜெனீவாவின் ராபர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஏழாம் கிளமெண்ட் ஆனார். அடுத்த ஆண்டு அவிஞ்ஞோனுக்குப் போய் அமர்ந்தார். முந்தைய ஆண்டுதான் அவர் தலைமையில் போன கூலிப்படை செசெனா நகரில் பொதுமக்களைக் கொன்று குவித்திருந்தது. இத்தாலியர்கள் அதை மறக்கவில்லை.

யார் உண்மையான போப் என்பதை நாடுகள் தங்கள் பகைகளின்படி முடிவு செய்துகொண்டன. பிரான்ஸ் அவிஞ்ஞோன் பக்கம். பிரான்சோடு போரில் இருந்த இங்கிலாந்து ரோமின் பக்கம். இங்கிலாந்துக்கு எதிரியான ஸ்காட்லாந்து அவிஞ்ஞோன் பக்கம். ஜெர்மானிய நாடுகளில் பெரும்பகுதியும் ஹங்கேரியும் போலந்தும் ரோமோடு நின்றன. காஸ்தீலும் அரகோனும் தாமதித்துப் பிறகு அவிஞ்ஞோனை ஏற்றன. பின்னாளில் புனிதர்களாகப் போற்றப்பட்டவர்களும் பிரிந்து நின்றார்கள். சியன்னா நகர் கத்தரீன் உர்பானுக்காக உருகி எழுதினார். டொமினிக்கன் சபைத் துறவி வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் பக்கத்துக்காக ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். எல்லைப் பகுதிகளில் ஒரே மறைமாவட்டத்துக்கு இரண்டு ஆயர்கள் வந்தார்கள். ஒரு போப்பின் ஆட்களை இன்னொரு போப் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். இரண்டு அரண்மனைகளை நடத்தும் செலவும் மக்களிடமிருந்தே வந்தது.

சரி, ஒரு நீதிமன்றம் போல யாராவது உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். முடிச்சு அங்கேதான் இருந்தது. திருச்சபைச் சட்டத்தின் பழைய விதி ஒன்று, போப்பை யாரும் நியாயம் தீர்க்க முடியாது என்றது. எல்லா ஆயர்களும் கூடும் பொதுச்சங்கம் ஒன்று தீர்க்கலாம் என்றால், பொதுச்சங்கத்தைக் கூட்டும் உரிமை போப்புக்கு மட்டுமே உண்டு. எந்தப் போப் கூட்டுவது? ரோம் கூட்டினால் அவிஞ்ஞோன் வராது, அவிஞ்ஞோன் கூட்டினால் ரோம் வராது. சட்டத்தில் ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருந்தது: போப் விசுவாசத்திலிருந்தே தவறிவிட்டால் அவரை நியாயம் தீர்க்கலாம். அந்த வாசலை எவ்வளவு தூரம் அகலப்படுத்தலாம் என்பதுதான் அடுத்த நாற்பது ஆண்டு விவாதம். 1380, 1381ஆம் ஆண்டுகளிலேயே பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்ன்ஹவுசன் கொன்ராத், லங்கன்ஸ்டைன் ஹென்றி என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள், அவசர நிலையில் சட்டத்தின் எழுத்தைவிடத் திருச்சபையின் நலன் பெரிது, எனவே போப் இல்லாமலும் சங்கம் கூடலாம் என்று எழுதினார்கள். அப்போது அரசர்கள் காது கொடுக்கவில்லை.

1394இல் அதே பல்கலைக்கழகம் மூன்று வழிகளை முன்வைத்தது. இருவரும் பதவி விலகலாம், இருவரும் நடுவர்களை ஏற்கலாம், பொதுச்சங்கத்திடம் விடலாம். பதவி விலகுவதே நல்ல வழி என்று பல்கலைக்கழகம் கருதியது. அந்த ஆண்டே கிளமெண்ட் இறந்ததும் அவிஞ்ஞோன் கர்தினால்கள், தேர்ந்தெடுக்கப்படுபவர் தேவைப்பட்டால் ஒற்றுமைக்காக விலகுவேன் என்று எல்லோரும் சத்தியம் செய்த பிறகே வாக்களித்தார்கள். வென்றவர் அரகோன்காரரான பேத்ரோ தெ லூனா, பதின்மூன்றாம் பெனடிக்ட். 1378 தேர்தலில் இருந்த அந்த ஒரே அரகோன்காரர் இவர்தான். கல்விமான், ஒழுக்கமானவர், சட்டம் கரைத்துக் குடித்தவர். ஆனால் விலக மட்டும் மாட்டார். 1398இல் பிரான்ஸ் அவருக்குக் கீழ்ப்படிவதை நிறுத்தியது; அவருடைய அரண்மனை முற்றுகையிடப்பட்டது. 1403இல் மாறுவேடத்தில் தப்பிப் போனார், விலகவில்லை.

ரோமில் உர்பானுக்குப் பின் இருவர் வந்துபோய், 1406இல் முதியவரான பன்னிரண்டாம் கிரகோரி வந்தார். அவரும் விலகத் தயார் என்று சத்தியம் செய்திருந்தார். இரண்டு போப்புகளும் சவோனா நகரில் சந்திப்பதாக 1407இல் ஒப்பந்தம் ஆனது. பெனடிக்ட் கடல் வழியாகப் போர்த்தோவெனெரே வரை வந்தார். கிரகோரி தரை வழியாக லூக்கா வரை வந்தார். இருவருக்கும் நடுவே ஒரு நாள் பயண தூரம் போன்ற இடைவெளிதான். ஆனால் ஒருவர் கடலோரத்தை விட்டு உள்ளே வர மறுத்தார், இன்னொருவர் கடலோரத்துக்கு இறங்க மறுத்தார். கடைசிவரை சந்திக்கவில்லை.

இதைக் கண்டு வெறுத்த இரண்டு பக்கத்துக் கர்தினால்களும் தங்கள் தலைவர்களை விட்டு விலகி, தாங்களே ஒரு சங்கத்தைக் கூட்டினார்கள். 1409 மார்ச்சில் பீசாவில் அது தொடங்கியது. வாதம் துணிச்சலானது: பிளவைப் பிடிவாதமாக நீட்டிப்பவர் திருச்சபை ஒன்றே என்ற விசுவாசத்தையே மறுக்கிறார், ஆகவே அவர் விசுவாசத்திலிருந்து தவறியவர், ஆகவே நியாயம் தீர்க்கலாம். ஜூன் 5 அன்று இருவரையும் பதவி நீக்கினார்கள். மூன்று வாரத்தில் கிரேத்தா தீவில் பிறந்த ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சும் இங்கிலாந்தும் அவரை ஏற்றன. ஆனால் பெனடிக்டுக்கு ஸ்பானிய நாடுகளும் ஸ்காட்லாந்தும் இருந்தன. கிரகோரிக்கு நேப்பிள்ஸ் அரசரும் ஜெர்மன் அரசர் ரூப்ரெக்டும் இருந்தார்கள். பதவி நீக்கப்பட்டவர்கள் யாரும் இறங்கவில்லை. இரண்டு போப்புகள் மூவரானார்கள். பீசா தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு, அதை நிறைவேற்றும் ஆளைப் பிறகு தேடியது. அதுவே அதன் தோல்வி.

அலெக்சாண்டர் ஓராண்டுக்குள் இறந்தார். அவருக்குப் பின் பல்தசாரே கோசா, இருபத்து மூன்றாம் யோவான் என்ற பெயரில் வந்தார். அரசியலும் படை நடத்துவதும் நன்கு தெரிந்தவர். 1413இல் நேப்பிள்ஸ் அரசர் லதிஸ்லாஸ் ரோமைப் பிடித்து அவரைத் துரத்தவே, அவர் பாதுகாப்புக்காக ஜெர்மானியர்களின் புதிய அரசர் சிகிஸ்முந்தை நாடினார். சிகிஸ்முந்து ஒரே நிபந்தனை வைத்தார்: பொதுச்சங்கம் கூட வேண்டும், அதுவும் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, தன் ஆளுகைக்கு உட்பட்ட கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை நகரில். யோவான் ஒப்புக்கொண்டார். சங்கம் பீசாவின் தீர்ப்பை உறுதி செய்யும், தன்னையே போப்பாக ஏற்கும் என்று நம்பினார். நம்ப ஒரு காரணமும் இருந்தது. அவர் அழைத்து வந்த இத்தாலிய ஆயர்கள் எண்ணிக்கையில் அதிகம்.

1414 நவம்பர் 5 அன்று சங்கம் தொடங்கியது. அந்தச் சிறிய நகரம் சில மாதங்களில் ஆயர்களும் மடாதிபதிகளும் பேராசிரியர்களும் அரசத் தூதர்களும் நிரம்பி வழிந்தது. அவர்களுக்குப் பின்னால் வணிகர்களும் ரொட்டி சுடுபவர்களும் வந்தார்கள். யோவானின் கணக்கு வாக்கெடுப்பு முறையில் உடைந்தது. தலைக்கு ஒரு வாக்கு என்ற வழக்கத்தை விட்டு, நாட்டினத்துக்கு ஒரு வாக்கு என்று முடிவு செய்தார்கள். இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் என நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் தனியே கூடி விவாதித்து ஒரே வாக்காகப் பொதுச் சபைக்குக் கொண்டுவரும். பல்கலைக்கழகங்களில் மாணவர்களை அப்படிப் பிரிப்பது அப்போது வழக்கம். பாரிஸ் பேராசிரியர்களுக்கு அது கைவந்த முறை. ஆங்கிலேயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆயர்களோடுதான் வந்திருந்தார்கள். அவர்களின் வாக்கும் இத்தனை இத்தாலியர்களின் வாக்கும் சமமானது.

மூவரும் விலக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1415 மார்ச் 2 அன்று யோவான், மற்ற இருவரும் விலகினால் நானும் விலகுவேன் என்று சத்தியம் செய்தார். மார்ச் 20 அன்று ஆஸ்திரியக் கோமகன் பிரெடெரிக் வேடிக்கைப் போட்டி ஒன்றை நடத்தி ஊரின் கவனத்தைத் திருப்ப, யோவான் குதிரைக்காரன் வேடத்தில் நகரை விட்டு வெளியேறி ஷாஃப்ஹவுசனுக்கு ஓடினார். கூட்டியவரே ஓடிவிட்டால் சங்கம் தானாகக் கலையும் என்பது அவர் எதிர்பார்ப்பு. சட்டப்படி அது தவறான எதிர்பார்ப்பு அல்ல. கான்ஸ்டன்ஸில் பலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

சங்கத்தைக் காப்பாற்றியது ஒருபுறம் சிகிஸ்முந்து. அவர் தெருத்தெருவாகக் குதிரையில் போய் மக்களுக்குத் தைரியம் சொன்னார், கோமகன் மீது படை அனுப்பினார். மறுபுறம் பாரிஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் ஜெர்சோன். மூன்று நாளில் அவர் நிகழ்த்திய உரை, திருச்சபையின் தலை கிறிஸ்து, போப் இல்லாதபோதும் உடல் உடலாகவே இருக்கும், அது தன்னைக் குணப்படுத்திக்கொள்ளலாம் என்றது. ஏப்ரல் 6 அன்று சங்கம் தீர்மானமாக எழுதியது: இந்தச் சங்கம் தன் அதிகாரத்தை நேரே கிறிஸ்துவிடமிருந்து பெறுகிறது, விசுவாசம், பிளவை நீக்குதல், திருச்சபைச் சீர்திருத்தம் ஆகியவற்றில் போப் உட்பட எல்லோரும் அதற்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள். இந்தத் தீர்மானம் எல்லாக் காலத்துக்கும் உரிய கோட்பாடா, அந்த நெருக்கடிக்கான வழியா என்று இறையியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என் கணிப்பில், எழுதியவர்களிலேயே இரண்டு எண்ணமும் இருந்தன. யோவான் பிடிபட்டார், மே 29 அன்று பதவி நீக்கப்பட்டார், தீர்ப்பை எதிர்க்காமல் ஏற்றார்.

அடுத்து கிரகோரி. கான்ஸ்டன்ஸ் பீசாவிலிருந்து எங்கே வேறுபட்டது என்பது இங்கேதான் தெரிகிறது. கிரகோரியின் பார்வையில் யோவான் போப்பே அல்ல, ஆகவே அவர் கூட்டிய சங்கமும் சங்கமே அல்ல. அதன் முன் விலகினால் தன் வரிசை முழுவதும் பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். எனவே ஒரு நடைமுறை பேசி முடிக்கப்பட்டது. 1415 ஜூலை 4 அன்று சபைக்கு யோவானின் கர்தினால்கள் யாரும் தலைமை தாங்கவில்லை, சிகிஸ்முந்து தாங்கினார். கிரகோரியின் கர்தினால் ஜொவான்னி தொமினிச்சி எழுந்து, கிரகோரியின் பெயரால் இந்தச் சங்கத்தைக் கூட்டுகிறேன் என்று வாசித்தார். எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்த சங்கம், கூட்டப்படுவதற்கு இசைந்தது. இரு தரப்புக் கர்தினால்களும் ஒன்றாக இணைந்தார்கள். பிறகு ரிமினி நகரின் ஆட்சியாளர் கார்லோ மலதெஸ்தா, கிரகோரி சார்பில் பதவி விலகலை அறிவித்தார். கிரகோரி தரப்பு, உண்மையான போப் சங்கத்தைக் கூட்டித் தன் விருப்பப்படி விலகினார் என்று நினைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள், ஏற்கெனவே நடக்கும் சங்கத்தில் ஒரு சடங்குக்கு இடம் கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்ளலாம். யார் உண்மையான போப் என்ற கேள்விக்கு கான்ஸ்டன்ஸ் விடை சொல்லவில்லை. விடை சொல்லாமலே நாற்காலியைக் காலி செய்தது.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, இதே சங்கம் பொஹீமியப் பிரசங்கி யான் ஹுஸ்ஸை விசுவாசம் தவறியவர் என்று தீர்த்து எரிப்பதற்கு ஒப்படைத்தது. சிகிஸ்முந்து தந்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்தவர் அவர். போப்புகளிடம் அத்தனை பொறுமை காட்டியவர்கள் அவரிடம் காட்டவில்லை. இந்தச் சங்கத்தைப் பாராட்டி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

எஞ்சியவர் பெனடிக்ட். சிகிஸ்முந்து அவரைத் தேடிப் பெர்ப்பிஞ்ஞான் வரை பயணம் செய்தார். பெனடிக்ட் அங்கே வைத்த வாதம் சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கத் தக்கது. பிளவுக்குப் பின் நியமிக்கப்பட்ட எல்லாக் கர்தினால்களும் சந்தேகத்துக்கு உரியவர்கள், ஏனென்றால் அவர்களை நியமித்த போப்புகளே சந்தேகத்துக்கு உரியவர்கள். பிளவுக்கு முன் கர்தினாலாகி இன்றும் உயிரோடிருப்பவர் நான் ஒருவனே. எனவே நான் விலகினாலும், அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அலுத்துவிட்டது. 1415 டிசம்பரில் ஸ்பானிய அரசர்கள் நார்போன் நகரில் சிகிஸ்முந்தோடு உடன்பாடு செய்தார்கள். அங்கும் அதே உத்திதான்: கான்ஸ்டன்ஸில் உள்ளவர்கள் ஸ்பானியர்களை அழைப்பார்கள், ஸ்பானியர்களும் கான்ஸ்டன்ஸில் உள்ளவர்களைச் சங்கத்துக்கு அழைப்பார்கள். யாரும் யாருடைய பழைய அழைப்பையும் ஏற்றதாகாது. 1416 ஜனவரி 6 அன்று, பெனடிக்டோடு இத்தனை காலம் நின்ற வின்சென்ட் ஃபெரரே அரகோன் விலகும் ஆணையை மக்கள் முன் வாசித்தார். ஸ்பானியர்கள் வந்து ஐந்தாவது அணியானார்கள். பெனடிக்டின் கீழ் எந்தப் பெரிய நாடும் இல்லாமல் போன பிறகே, 1417 ஜூலை 26 அன்று, அவருக்கான பதவி நீக்கத் தீர்ப்பு வந்தது.

இனி புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீர்திருத்தம் முடிந்த பிறகு தேர்தலா, தேர்தல் முடிந்த பிறகு சீர்திருத்தமா என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. கர்தினால்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால் பெனடிக்ட் சொன்ன சந்தேகம் மறுபடி கிளம்பும். ஆகவே அந்த ஒரு முறைக்கு மட்டும் விதியை மாற்றினார்கள். இருபத்து மூன்று கர்தினால்களோடு ஒவ்வோர் அணியிலிருந்தும் ஆறு பேராக முப்பது பேர் சேர்ந்தார்கள். வெல்ல வேண்டுமானால் கர்தினால்களில் மூன்றில் இரண்டு பங்கும், ஐந்து அணிகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஓர் அணியில் மூன்று பேர் மறுத்தால் போதும், யாரும் போப்பாக முடியாது. இப்படி ஒரு தேர்தல் முடியவே முடியாது என்று தோன்றும். ஏரிக்கரை வணிகக் கிடங்கில் கூடியவர்கள் மூன்றே நாளில், 1417 நவம்பர் 11 அன்று, ரோமானியக் கர்தினால் ஒத்தோ கொலொன்னாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று புனித மார்ட்டின் திருநாள் என்பதால் அவர் ஐந்தாம் மார்ட்டின் ஆனார். எல்லா நாட்டவரும் உள்ளே இருந்து வாக்களித்ததால், வெளியே நின்று மறுக்க எந்த நாடும் இல்லை.

கிரகோரி அந்தத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு கர்தினாலாகவே இறந்திருந்தார். யோவான் சிறையிலிருந்து விடுபட்டு, மார்ட்டினிடம் பணிந்து, மறுபடி கர்தினாலாகி 1419இல் இறந்தார். ஃபுளோரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தில் அவருக்குத் தொனத்தெல்லோவும் மிக்கெலோத்சோவும் செய்த கல்லறை நிற்கிறது. பெனடிக்ட் ஸ்பெயினின் பெனீஸ்கோலா கோட்டையில், கடலுக்கு மேலே, தானே போப் என்று கடைசி மூச்சுவரை சொல்லிக்கொண்டு வாழ்ந்தார். அவருக்குப் பின் அங்கே ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு 1429இல் விலகினார்.

சங்கங்கள் குறித்த இடைவெளிகளில் தொடர்ந்து கூட வேண்டும் என்றும் கான்ஸ்டன்ஸ் தீர்மானித்திருந்தது: முதலில் ஐந்து ஆண்டு, பிறகு ஏழு, அதன் பின் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. அந்த விதிப்படி 1431இல் பாசெலில் கூடிய சங்கம் நான்காம் யூஜினோடு மோதி, அவரைப் பதவி நீக்கி, 1439இல் சவோய் நாட்டுக் கோமகன் அமதேயுவை ஐந்தாம் ஃபெலிக்ஸ் என்று நிறுத்தியது. கான்ஸ்டன்ஸ் கற்ற பாடத்தை பாசெல் மறந்தது. அரசர்கள் தன் பின்னால் நிற்கிறார்களா என்று பாராமல் தீர்ப்பு எழுதியது. ஃபெலிக்ஸ் 1449இல் விலகினார். 1460இல் இரண்டாம் பயஸ், போப்பின் முடிவை எதிர்த்துப் பொதுச்சங்கத்திடம் முறையிடுவதையே தடை செய்தார்.

இன்று வத்திக்கான் ஏற்கும் பட்டியலில் உர்பான் முதல் கிரகோரி வரையிலான ரோம் வரிசை மட்டுமே இருக்கிறது. அவிஞ்ஞோன் இருவரும் பீசா இருவரும் அதில் இல்லை. 1958இல் கர்தினால் ரொன்காலி போப்பானபோது யோவான் என்ற பெயரைத் தேர்ந்தார். பல்தசாரே கோசாவைக் கணக்கில் சேர்க்காமல் அவரும் இருபத்து மூன்றாம் யோவான் என்றே அழைக்கப்பட்டார்.